ஸ்டேட்மென்ட்டில் ஒளிந்திருக்கும் சந்தா: அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கும்பகோணத்தில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். ஜூலை பிறந்தால் மேசை முழுக்க வங்கி ஸ்டேட்மென்ட்தான். சேமிப்புக் கணக்கு வட்டி எவ்வளவு என்று பார்ப்பதற்குத்தான் அதைக் கேட்டு வாங்குகிறேன். ஆனால் வட்டி உள்ள வரியைத் தேடிப் போகிற கண் வழியில் மற்ற வரிகளிலும் இடறுகிறது. "இந்த 299 ரூபாய் என்ன?" என்று கேட்பேன். "தெரியவில்லையே சார், பேங்க்கில் ஏதாவது பிடித்திருப்பார்கள்" என்பார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவை பிடித்தது வங்கி அல்ல. என்றோ யாரோ தொட்டுவிட்டு மறந்த ஒரு சந்தா.

பல வருடங்களாக இதையே திரும்பத் திரும்பத் தேடிக் கொடுத்ததில் ஒரு வரிசை படிந்துவிட்டது. இந்திய வங்கிக் கணக்கும் யூபிஐயும் வைத்திருப்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

## தேடத் தொடங்கும் முன்

ஸ்டேட்மென்ட்டைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுக்காதீர்கள், பதின்மூன்று மாதத்துக்கு எடுங்கள். வருடச் சந்தா சென்ற வருடம் பிடித்த அதே தேதியில் பிடிபடும் என்று சொல்ல முடியாது, இரண்டு நாள் முன்பின் ஆகும். சரியாகப் பன்னிரண்டு மாதம் எடுத்தால் அது ஓரத்தில் நழுவிவிடும். பதின்மூன்று எடுத்தால் சில வருடச் சந்தாக்கள் இரண்டு முறை தெரியும், அப்போது சந்தேகமே இருக்காது.

பாஸ்புக் இந்த வேலைக்கு உதவாது. அதில் விவரம் பாதியில் வெட்டுப்படும். நெட் பேங்கிங்கில் பிடிஎஃப் வடிவத்தோடு எக்செல் வடிவமும் கிடைத்தால் அதையே இறக்குங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதன் ஸ்டேட்மென்ட்டும் தனியாக வேண்டும். சேமிப்புக் கணக்கில் கார்டு பில் ஒரே வரியாகத்தான் தெரியும். அந்த ஒரு வரிக்குள் ஐந்து சந்தா பதுங்கியிருக்கலாம்.

அடுத்தது, எதை வைத்துத் தேடுவது? எல்லோரும் பெயரை வைத்துத் தேடுகிறார்கள், அதனால்தான் கிடைப்பதில்லை. யூபிஐ வரியில் ஒவ்வொரு மாதமும் புதிய குறிப்பு எண் சேர்வதால் ஒரே சந்தாவின் இரண்டு வரிகள்கூட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாது. மாறாமல் இருப்பது தொகை. பற்றுத் தொகை D பத்தியில் இருந்தால், காலியாக உள்ள ஒரு பத்தியில் இரண்டாவது வரியில் இதை இட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=COUNTIF(D:D,D2)
```

மூன்றும் அதற்கு மேலும் வருகிற தொகைகளை மட்டும் பாருங்கள். பால்காரருக்கு அனுப்பிய 500, ஏடிஎம்மில் எடுத்த 2,000 எல்லாம் அதில் வந்து நிற்கும், அவற்றைத் தள்ளுங்கள். சந்தா விற்பவர்களுக்கு ஒன்பதில் முடியும் எண்ணின் மேல் தீராத காதல்: 49, 99, 149, 299, 399, 1,499. ஒன்பதில் முடிந்து, மாதத்தின் ஏறக்குறைய அதே தேதியில் வந்தால் அதன் மேல் மஞ்சள் பூசுங்கள். கணினி வேண்டாம் என்பவர்கள் காகிதத்தில் அச்செடுத்துப் பேனாவால் சுழித்தாலும் போதும். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

## அறிகுறி: மாதாமாதம் ஒரே தொகை போகிறது, பெயர் புரியவில்லை

இதுதான் அதிகம் வருவது. காரணங்களை எளியதிலிருந்து பார்க்கலாம்.

நீங்கள் அறிந்த ஒன்றே வேறு பெயரில் வந்திருக்கிறது. பல நிறுவனங்கள் பணத்தை நேரடியாக வாங்குவதில்லை. Razorpay, PayU, BillDesk போன்ற இடைநிலை நிறுவனங்கள் வழியாக வாங்குகின்றன. சில வங்கிகளின் ஸ்டேட்மென்ட்டில் அந்த இடைநிலைப் பெயர் மட்டும் தெரியும். வேறு சில சமயம் கடையின் பெயருக்குப் பதில் அதை நடத்தும் பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கும். யூபிஐ வரியாக இருந்தால் அதில் பன்னிரண்டு இலக்கக் குறிப்பு எண் ஒன்று உண்டு. உங்கள் யூபிஐ செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் அதே நாள் வரியைத் திறந்து அந்த எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். அங்கே முழுப் பெயர் இருக்கும். அடுத்து மின்னஞ்சலில் தொகையை மட்டும் இட்டுத் தேடுங்கள், பிடித்த தேதிக்கு இரண்டு நாள் முன்பின் வந்த ரசீது அகப்படும். பத்தில் நான்கைந்து இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

செயலிக் கடை வழியாகப் போகிறது. வரியில் Google Play என்றோ `APPLE.COM/BILL` என்றோ இருந்தால் எந்தச் செயலி என்று ஸ்டேட்மென்ட் சொல்லாது. கடைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டில் Play Store திறந்து, வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, Payments & subscriptions, பிறகு Subscriptions. ஐபோனில் Settings திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, Subscriptions. Play ரசீதுகளின் ஆர்டர் எண் பெரும்பாலும் `GPA.` என்று தொடங்கும். மின்னஞ்சலில் அந்த நான்கு எழுத்துகளைத் தேடினாலே பழைய ரசீதுகள் வரிசையாக வந்து நிற்கும்.

அது சந்தாவே அல்ல. `ACH D` அல்லது `NACH` என்று தொடங்கும் வரி பெரும்பாலும் கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி. இதில் கை வைக்கும் முன் மிகவும் யோசியுங்கள். புரியாத வரி என்று எண்ணி ஒருவர் வீட்டுக்கடன் மேண்டேட்டை, அதாவது தவணையைத் தானாகப் பிடிக்கக் கொடுத்த அனுமதியை, நிறுத்திவிட்டு வந்தார். தவணை திரும்பிப் போய், வங்கி அபராதம், கடன் நிறுவன அபராதம் என்று இரண்டு பக்கமும் கட்டினார். பெயர் தெரியாவிட்டால் கிளைக்குப் போய் அந்த வரியைக் காட்டி, இது எந்த மேண்டேட் என்று கேளுங்கள். யூஎம்ஆர்என் என்னும் எண்ணை வைத்து அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

உண்மையிலேயே மறந்த சந்தா. மேலே மூன்றும் இல்லையென்றால் இதுதான். இனி வரும் அறிகுறிகளில் ஒன்று அதற்கும் பொருந்தும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஓடிபி வரவேயில்லையே, எப்படிப் போகும்?" ஓடிபியோ யூபிஐ பின்னோ முதல் முறை அனுமதி தரும்போது கேட்கப்பட்டிருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அதன்பின் 15,000 ரூபாய் வரையிலான தொடர் பிடித்தங்களுக்கு மறுபடி கேட்க வேண்டியதில்லை. 2022 ஜூன் வரை அந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. அதற்கு ஈடாக, பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் வந்துதான் இருக்கும். படிக்காத எண்ணூறு குறுஞ்செய்திகளுக்குள் இருக்கும். செய்திப் பெட்டியில் `mandate`, `autopay` என்று தேடிப் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டில் பெயர் தெரியாமல் தவித்த எத்தனையோ வரிகளுக்கு அந்தச் செய்தியில் முழுப் பெயர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி: முதலில் ஒன்றிரண்டு ரூபாய், சில நாள் கழித்துப் பெரிய தொகை

இலவசச் சோதனைக் காலம் விட்டுச்செல்லும் தடம் இது. கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ பிடித்துப் பல நேரம் திருப்பித் தருவார்கள். ஆகவே ஸ்டேட்மென்ட்டில் சந்தேகத் தொகை முதன்முதலாக வந்த வரியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மேலே மூன்று, ஏழு, பதினான்கு, முப்பது நாள் பின்னோக்கிப் போங்கள். அந்த நாள்களில் ஒன்றில் சில்லறைத் தொகை போய்த் திரும்பியிருந்தால் சோதனை தொடங்கிய நாள் கையில் சிக்கிவிட்டது. நாள் தெரிந்தால் யார் கையில் தொலைபேசி இருந்தது என்பது ஞாபகம் வந்துவிடும். உண்மையில் தேட வேண்டியது அதைத்தான்.

2025 ஜூலை முதல் வாரம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். மாதம் 16ஆம் தேதி தவறாமல் 299 ரூபாய். வரி ஏறக்குறைய இப்படி இருந்தது (வங்கிக்கு வங்கி வடிவம் மாறும்):

```
16-03-2025  UPI/DR/.../GOOGLE PLAY/.../MANDATE   299.00
```

"நான் எதுவும் வாங்கவில்லையே தம்பி" என்றார். அவருடைய தொலைபேசியில் Play Store திறந்து சந்தாப் பட்டியலைப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. யூபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலைப் பார்த்தோம், அங்கும் காலி. இந்த இடத்தில் பெரும்பாலானோர் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஸ்டேட்மென்ட்டில் மேலே போனோம். 299 முதலில் வந்தது 2024 ஏப்ரல் 16. அதற்கு ஏழு நாள் முன்னால், ஏப்ரல் 9 அன்று இரண்டு ரூபாய் போய் அன்றே இரண்டு ரூபாய் திரும்பியிருந்தது. ஏழு நாள் சோதனை. தேதியைச் சொன்னதும் டீச்சருக்கு முகம் மாறியது. "ஸ்கூல் லீவ் விட்டுப் பேரன் வந்திருந்தான்." வண்ணம் தீட்டும் விளையாட்டுக்காகத் தொலைபேசியை வாங்கியிருக்கிறான், யூபிஐ பின்னைப் பாட்டியிடமே கேட்டு அடித்திருக்கிறான், ஊருக்குப் போகும்போது பொறுப்பாகச் செயலியை நீக்கிவிட்டும் போயிருக்கிறான்.

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. செயலி என்பது தொலைபேசியில் இருக்கும் பொருள், சந்தா என்பது மின்னஞ்சல் கணக்கின் பெயரில் இருக்கும் ஒப்பந்தம். ஒன்றை எடுத்தெறிவது மற்றொன்றைத் தொடாது.

சரி, பட்டியல் ஏன் காலியாக இருந்தது? தொலைபேசியை வாங்கிக் கொடுத்த மகன் தன் மின்னஞ்சலையும் அதில் ஏற்றிவைத்திருந்தார். Play Store-இல் மேல் மூலைப் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றியதும் மகனின் பட்டியலில் அந்த விளையாட்டு 299 ரூபாயோடு உட்கார்ந்திருந்தது. யூபிஐ பக்கமும் இதே கதை. அவர் தினமும் பயன்படுத்துவது ஒரு செயலி, மேண்டேட் உருவானது மூலையில் கிடந்த இன்னொரு செயலியில். அதைத் திறந்ததும் அங்கே தெரிந்தது.

முதலில் Play-இல் சந்தாவை ரத்து செய்தோம், அடுத்து யூபிஐ மேண்டேட்டை. இரண்டு திரையையும் படம் பிடித்து வைத்தோம். அதுவரை பதினைந்து முறை போயிருந்தது, மொத்தம் 4,485 ரூபாய். அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதியதில் கடைசி மாதப் பணம் மட்டும் திரும்பியது. மீதி 4,186 போனதுதான். பேரனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார்.

ரத்து செய்யும் வரிசை ஏன் முக்கியம் என்றால், மேண்டேட்டை மட்டும் வெட்டினால் பணம் போவது நிற்கும், ஆனால் எதிர்ப்பக்கத்தில் கணக்கு திறந்தே இருக்கும். விளையாட்டுச் செயலிக்கு அது பெரிய விஷயமல்ல. உடற்பயிற்சிக் கூடம், இணைய இணைப்பு போன்றவற்றில் "பாக்கி" என்று பின்னால் வந்து நிற்பார்கள். ஆகவே முதலில் சந்தா, பிறகு மேண்டேட்.

மேண்டேட்டைத் திறக்கும்போது இரண்டு விவரங்களைக் கவனியுங்கள். ஒன்று அதிகபட்சத் தொகை. மாதம் 199 என்று சொல்லிவிட்டு 5,000 வரை பிடிக்க அனுமதி வாங்கியிருப்பார்கள். இன்னொன்று கால இடைவெளி. `As presented` என்று இருந்தால் மாதம், வாரம் என்ற கணக்கே இல்லை, அவர்கள் கேட்கும்போதெல்லாம் போகும். இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் மேண்டேட்டை, இதுவரை ஒரு ரூபாய்கூடப் போகாவிட்டாலும், எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: வருடத்துக்கு ஒரு முறை ஒரு தொகை

ஒருமுறை வருவது என்பதால் மேலே சொன்ன எண்ணும் சூத்திரத்தில் இது சிக்காது. ஸ்டேட்மென்ட்டைத் தொகை வரிசையில் அடுக்கி, 20 முதல் 5,000 வரை உள்ளவற்றைக் கண்ணால்தான் ஓட்ட வேண்டும்.

மே மாதக் கடைசியில் 436, 20 என்று இரண்டு வரி இருந்தால் பதற வேண்டாம். முன்னது பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, பின்னது சுரக்ஷா விபத்துக் காப்பீடு. கணக்குத் திறக்கும்போது கையெழுத்திட்ட தாள்களுக்குள் இவையும் இருந்திருக்கும். இரண்டுமே தலா இரண்டு லட்சத்துக்கான காப்பீடு. ஆகவே நிறுத்தும் முன் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வங்கிக் கணக்கிலும் 436 போகிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு இடத்தில் கட்டினாலும் காப்பீடு இரண்டு லட்சம்தான், மற்றப் பிரீமியம் வீண். ஒரு கணக்கின் கிளையில் எழுதிக் கொடுத்து அதை நிறுத்திவிடலாம்.

அடுத்து, தொகையை 1.18 ஆல் வகுத்துப் பாருங்கள். 236-ஐ வகுத்தால் 200, 147.50-ஐ வகுத்தால் 125, 17.70-ஐ வகுத்தால் 15. இப்படி முழு எண் வந்தால் அது பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்த்த வங்கிக் கட்டணம்: டெபிட் கார்டு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் போன்றவை. வரியில் `CHG`, `CHRG`, `FEE` என்ற எழுத்துகளும் இருந்தால் உறுதி. 1,499-ஐ வகுத்தால் 1,270 ரூபாயும் சில்லறையும் வரும். அது வங்கிக் கட்டணம் அல்ல, விலைப்பட்டியலிலிருந்து வந்த தொகை.

அப்படியானால் வருடச் சந்தாதான். சோதனைக் காலத் திரையில் மாதம், வருடம் என இரண்டு பெட்டி இருக்கும், வருடப் பெட்டியே முன்னதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். கட்டிய பணம் திரும்புவது அரிது. இருந்தாலும் இன்றே ரத்து செய்யுங்கள். அடுத்த வருடம் தேதி வருமுன் செய்யலாம் என்று விட்டவர்கள் அடுத்த வருடமும் என் மேசையில் அதே வரியைக் காட்டுகிறார்கள். Play-யிலும் ஆப்பிளிலும் இப்போதே ரத்து செய்தாலும் பணம் கட்டிய காலம் முடியும் வரை சேவை ஓடும்.

## அறிகுறி: கிரெடிட் கார்டில் மாதாமாதம் வருகிறது, தொகை மட்டும் மாறுகிறது

டாலரில் விலை வைத்த வெளிநாட்டுச் சந்தா. தொகை மாறுவதால் எண்ணிப் பார்த்துப் பிடிக்க முடியாது. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பரிவர்த்தனையைத் தேடாமல் அதற்கான கட்டணத்தைத் தேடுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் போகும் ஒவ்வொரு செலவுக்கும் பெரும்பாலும் கார்டு வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை மார்க்அப் போட்டு, அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும். அந்த வரியில் பெரும்பாலும் `MARKUP` என்ற சொல் இருக்கும். அது எத்தனை மாதம் வந்திருக்கிறது என்று எண்ணினால் சந்தா எத்தனை மாதம் ஓடியது என்று தெரிந்துவிடும்.

டாலர் 86 ரூபாயாக இருக்கும்போது பத்து டாலர் சந்தாவுக்கு 860. 3.5 சதவீத மார்க்அப் 30.10. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5.42. மொத்தம் 895.52. விளம்பரத்தில் பத்து டாலர் என்று பார்த்தவருக்கு இது 860-ஆகவும் இல்லாமல் 900-ஆகவும் இல்லாமல் தெரிவதால் அடையாளம் பிடிபடுவதில்லை.

நிறுத்துவது அந்தச் சேவையின் தளத்தில்தான். கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்டெடுத்து உள்ளே போங்கள். அது முடியாதபோது வங்கிச் செயலியில் கார்டின் சர்வதேசப் பயன்பாட்டை அணைத்துவைக்கலாம், எல்லாக் கார்டிலும் அந்த விசை உண்டு. பணம் போவது நிற்கும், ஆனால் ஒப்பந்தம் அப்படியே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கார்டிலேயே பதிந்த தொடர் அனுமதிகளை வங்கியின் தளத்தில் பார்க்கலாம். பல வங்கிகள் இதற்கு `sihub.in` என்ற தளத்தின் பக்கத்துக்கு அழைத்துச் செல்கின்றன. அந்தப் பக்கத்துக்கு வங்கித் தளத்திலிருந்தே போங்கள், தேடுபொறியில் வரும் முதல் இணைப்பைத் தொடாதீர்கள்.

## அறிகுறி: பணம் போகிறது, எந்தப் பட்டியலிலும் இல்லை

டீச்சர் கதையில் பார்த்ததுதான், ஆனால் ஒளியும் இடங்கள் இன்னும் சில உண்டு. தொலைபேசியில் உள்ள எல்லா யூபிஐ செயலிகளையும், நீங்கள் பயன்படுத்தாதவை உட்பட, திறந்து ஆட்டோபே பகுதியைப் பாருங்கள். நீக்கிவிட்ட யூபிஐ செயலி இருந்தால் மறுபடி இறக்கிப் பாருங்கள். எல்லா மின்னஞ்சல் கணக்குகளுக்கும் மாற்றி மாற்றிச் செயலிக் கடையைப் பாருங்கள். வீட்டில் வேறு யாராவது உங்கள் கார்டைத் தங்கள் தொலைபேசியில் பதிந்திருக்கிறார்களா கேளுங்கள். கல்லூரிக்குப் போன பிள்ளையின் தொலைபேசியில் அப்பாவின் கார்டு இருப்பது வழக்கமான செய்தி.

வங்கி ஸ்டேட்மென்ட்டில் வராமலே போகும் ஒன்றும் உண்டு. ப்ரீபெய்டு சிம் பேலன்ஸிலிருந்து காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி என்று போவது. ரீசார்ஜ் செய்த பணம் சீக்கிரம் கரைந்தால் 155223 என்ற எண்ணை அழைத்து எந்தச் சேவை ஓடுகிறது என்று கேட்டு நிறுத்துங்கள். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

இத்தனையும் பார்த்தும் கிடைக்காவிட்டால், குறிப்பு எண்ணோடு கிளைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். தேதி, தொகை, குறிப்பு எண் மூன்றையும் எழுதி, "இந்தப் பிடித்தத்துக்கான மேண்டேட் விவரத்தையும் பெறுபவரின் பெயரையும் தருக" என்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

## அறிகுறி: ரத்து செய்தபின்னும் போகிறது

முதலில் தேதியைச் சரிபாருங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் ரத்து செய்திருந்தால் அந்த மாதத் தொகை ஏற்கெனவே கிளம்பியிருக்கும். ஆப்பிளில் சோதனைக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும், கடைசி நாள் இரவு செய்தால் ஒரு மாதம் போய்விடும்.

அடுத்து, ரத்து உண்மையில் முடிந்ததா பாருங்கள். "ஏன் போகிறீர்கள்?", "பாதி விலைக்குத் தருகிறோம்", "இடைநிறுத்தி வைக்கலாமே" என்று மூன்று நான்கு திரை தாண்டிக் கடைசியில்தான் உண்மையான பொத்தான் வரும். நடுவில் வெளியேறியவர்கள் ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வரவில்லை என்றால் ரத்தாகவில்லை. ரத்து செய்வதை இப்படிச் சிக்கலாக்குவதற்கு அரசு வைத்த பெயர் சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், தடைசெய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று.

ரத்தான சான்று கையில் இருந்தும் பணம் போனால் இனி நீங்களே போராட வேண்டாம். யாரிடம் போவது என்பது யார் தவறு என்பதைப் பொறுத்தது. நிறுவனம் ரத்தை ஏற்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கார்டில் போயிருந்தால் அதோடு வங்கியிடம் டிஸ்ப்யூட் படிவமும் கொடுங்கள், ரத்து மின்னஞ்சலை இணைத்து. மேண்டேட்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தும் வங்கி நிறுத்தவில்லை என்றால், புகார் கொடுத்து முப்பது நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டாலும் பதில் திருப்தியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமின்றி எழுதலாம். முத்திரை வாங்கிய நகல் அங்கேதான் பயன்படும்.

நீங்களோ வீட்டில் யாருமோ அனுமதி தரவே இல்லை என்பது உறுதியானால் அது சந்தா அல்ல, திருட்டு. அப்போது பாதை முற்றிலும் வேறு. அன்றைக்கே வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், 1930 எண்ணை அழையுங்கள். வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாத மோசடியை, வங்கித் தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்று 2017 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. நாள் கடந்தால் அந்தப் பாதுகாப்பு குறையும். அதனால்தான் "பேரன் செய்தானா, திருடன் செய்தானா" என்பதை முதல் நாளே, இரண்டு ரூபாய் வரியைத் தேடிப் பிடித்து முடிவு செய்துவிட வேண்டும் என்கிறேன்.